கோழிக்கடைக் குடலில் ஒரு பயோஅசே: கிளிநொச்சிப் பக்கத்து ஆய்வுகூடக் குறிப்புகள்

மருந்தியல் செய்முறைப் பாடத்தில் பயோஅசே, அதாவது உயிருள்ள திசு காட்டும் விளைவை வைத்து மருந்தின் அளவைக் கண்டுபிடிக்கும் சோதனை, என்று வந்தவுடன் பழைய கையேடுகள் எல்லாம் கினிப்பன்றியிலிருந்துதான் தொடங்கும். ஒன்றைக் கொன்று, வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் கடைப்பகுதியான இலியத்தில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வெட்டி, சூடான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, அசற்றைல்கோலின் என்ற மருந்தை ஊற்றினால் அது சுருங்கும். எவ்வளவு சுருங்குகிறது என்பதை வைத்து, செறிவு தெரியாத கரைசலில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று கணக்கிடலாம். 1904இல் ருடோல்ஃப் மக்னுஸ் குடல் துண்டை உடலுக்கு வெளியே உயிரோடு வைத்துக்காட்டிய நாளிலிருந்து இந்த முறை பெரிதாக மாறவில்லை.

எங்களிடம் கினிப்பன்றிக் கூடமும் இல்லை, அதைப் பராமரிக்க ஆளும் இல்லை. இருந்திருந்தாலும் எல்லோருக்கும் விடை தெரிந்த ஒரு சோதனைக்காக ஒவ்வொரு பிரிவு மாணவருக்கும் ஒரு உயிரைக் கொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் கோழிக்கடைக்குப் போனோம். இறைச்சிக்காக வெட்டிய கோழியின் குடலை எப்படியும் வாளிக்குள்தான் போடுவார்கள். அந்தக் குடலிலும் அசற்றைல்கோலினுக்கு இசையும் மழமழப்பான தசை இருக்கிறது. கினிப்பன்றியை விட உணர்திறன் குறைவு, எனவே மருந்து கூடுதலாக வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைக்காரருக்கு விஷயத்தை விளங்கப்படுத்தியதும் அவர் உற்சாகமாகிவிட்டார். "சேர், உங்களுக்கெண்டு ஒண்டு இப்பவே வெட்டித் தாறன், நிக்கிறியளோ?" என்றார். வேண்டாம் அண்ணை, வேறு ஆள் வாங்க வரட்டும், அதின்ரை குடல் காணும் என்று சொல்லிவிட்டு வாங்கில் இருந்தேன். இந்தக் காத்திருப்பு சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் முழு நியாயமும் அதில்தான் நிற்கிறது. 1959இல் ரசலும் பர்ச்சும் விலங்குப் பரிசோதனைகளுக்கென்று முன்வைத்த மாற்றீடு, குறைப்பு, மேம்படுத்தல் என்ற மூன்றில், கசாப்புக் கடைத் திசு மாற்றீடு என்ற கணக்கில் வருவதற்கு ஒரே காரணம், அந்த விலங்கு எங்களுக்காகச் சாகவில்லை என்பதுதான். எங்களுக்கென்று ஒரு கோழியை முந்தி வெட்டினாலோ, குடல் கெடாமல் வரட்டும் என்று வெட்டும் விதத்தை மாற்றச் சொன்னாலோ, அது எங்கள் விலங்குப் பரிசோதனையாகிவிடும். நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த கடிதத்திலும் இதையேதான் எழுதினோம். வெறும் கழிவுத் திசுதானே என்று கடிதத்தைத் தவிர்க்க வேண்டாம்.

இன்னொரு உள்ளூர்ச் சிக்கலும் உண்டு. வெள்ளிக்கிழமை எங்கள் பக்கம் பாதி வீடுகளில் மரக்கறி. கோயில் திருவிழாக் காலத்தில் கடையே பூட்டியிருக்கும். செய்முறை நேர அட்டவணையை அதற்கேற்றபடிதான் போடவேண்டும். ஞாயிறு காலை என்றால் வாங்கில் இருக்கவே நேரம் கிடைக்காது.

இனிக் கருவி. குடல் துண்டைச் சூடான கரைசலில் தொங்கவிடும் கருவிக்கு ஆர்கன் பாத் என்று பெயர். விற்பனைக்கு வருவதன் விலையைக் கேட்டுவிட்டு நாங்களே ஒன்று செய்தோம். 50 மில்லிலீற்றர் சிரிஞ்சின் உள்தண்டைக் கழற்றிவிட்டு, வெளிக்குழாயை நுனி கீழே இருக்கும்படி ஒரு பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துளைத்துப் பொருத்தி, மீன்தொட்டிக்குப் பாவிக்கும் சிலிக்கன் பசையால் ஒட்டினோம். நுனியில் சேலைன் ஏற்றப் பாவிக்கும் மூவழித் திருகு. அதன் ஒரு வழி கழிவு வாளிக்குப் போகிறது. மறு வழி மேலே தொங்கும் கரைசல் போத்தலிலிருந்து வருகிறது. வரும் குழாயில் ஒரு மீற்றரளவைத் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே சுருட்டி வைத்தால் கரைசல் சூடாகித்தான் உள்ளே நுழையும். சிரிஞ்சில் 30 என்ற கோடு வரை நிரப்புகிறோம்.

தொட்டியைச் சூடாக்குவது மீன்தொட்டி ஹீற்றர். அது பெரும்பாலும் 34 பாகைக்கு மேல் போகாது. கையேட்டில் 37 என்றிருக்கும், ஆனால் 34இல் குடல் தானாகத் துடிப்பது குறையும், அதனால் வாசிப்பது சுலபம். சுருங்குவது கொஞ்சம் மெதுவாக இருக்கும் என்பதால் மருந்தோடு விடும் நேரத்தை 60 விநாடியாக வைத்தோம். வன்னி வெயிலில் மதியத்தில் அறையே அந்தச் சூட்டை நெருங்கிவிடும். மின்சாரம் நின்றால் நடந்துகொண்டிருக்கும் வரிசையை அப்படியே நிறுத்திவிட வேண்டும். இரண்டு பாகை இறங்கிய குடலின் உயரங்களை இறங்காததன் உயரங்களோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க முடியாது.

நெம்புகோலுக்கு ஒரு சோடா ஸ்ரோ. குண்டூசியை அச்சாக்கி, அச்சிலிருந்து 2 சென்ரிமீற்றரில் குடலின் நூலைக் கட்டி, மறுபக்கம் 20 சென்ரிமீற்றர் நீட்டி விட்டால் அசைவு பத்து மடங்காகத் தெரியும். முதலில் நூல் இல்லாமல் பிளாஸ்ரிசீன் ஒட்டி ஸ்ரோவைக் கிடையாகச் சமப்படுத்த வேண்டும். பிறகு நீண்ட பக்கத்தில், அச்சிலிருந்து 2 சென்ரிமீற்றரில், 1 கிராம் ஈயத் துண்டு. நகைக்கடைத் தராசில் நிறுத்து வெட்டியது. இப்போது குடலின் மேல் 1 கிராம் இழுவை இருக்கும். ஸ்ரோ நுனிக்குப் பின்னால் மில்லிமீற்றர் தாள், எதிரே தாங்கியில் ஒரு போன். வீடியோவை நிறுத்தி உயரத்தை வாசிக்கிறோம். முந்தி இந்த அசைவைப் பதியப் பாவித்த புகைபூசிய உருளையை நான் மாணவனாக இருந்தபோது கண்டிருக்கிறேன். கை முழுக்கக் கரியாகும் என்பதைத் தவிர அதில் இழக்க ஒன்றும் இல்லை.

கரைசலில்தான் அவசரப்படக்கூடாது. குடலை உயிரோடு வைத்திருக்கும் உப்புக் கரைசல்தான் டைரோட் கரைசல். அதற்கு ஒரு லீற்றருக்கு சோடியம் குளோரைட்டு 8 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 0.2, கல்சியம் குளோரைட்டு 0.2, மக்னீசியம் குளோரைட்டு 0.1, சோடியம் இருகாபனேற்று 1, சோடியம் இருஐதரசன் பொசுபேற்று 0.05, குளுக்கோசு 1 கிராம். கல்சியத்தை மட்டும் தனியாகக் கரைத்து, மற்றதெல்லாம் சேர்ந்து தண்ணீர் கிட்டத்தட்ட நிரம்பிய பிறகு, கலக்கிக்கொண்டே கடைசியாக ஊற்ற வேண்டும். முந்தி ஊற்றினால் பால்போலக் கலங்கும். அப்படிக் கலங்கியதை வடித்துப் பாவிக்க முயல வேண்டாம், குடல் சுருங்கத் தேவையான கல்சியம் அந்தப் படிவோடு போய்விட்டிருக்கும்.

ஆனையிறவு உப்பு பக்கத்திலேயே இருக்கிறதே, எதற்கு ஆய்வுகூட உப்பு என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. கடல் உப்பில் மக்னீசியமும் கல்சியமும் கணக்கில்லாமல் சேர்ந்திருக்கும். கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எல்லாம் கரைசலுக்குள் வந்துவிடும். ஆகவே சுத்தமான உப்பும் காய்ச்சி வடித்த தண்ணீரும்தான்.

கடைக்கு ஒரு ரெஜிபோம் பெட்டியில் குளிர்ந்த டைரோட்டைக் கொண்டு போகிறோம். குடல் ஐஸில் நேரடியாகப் படக்கூடாது, உறைந்த தசை பிறகு ஒன்றுக்கும் உதவாது. கோழியின் இலியத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான அடையாளம் இருக்கிறது. கோழிக்குக் குருட்டுக்குடல் இரண்டு. நீளமாக, நுனி மூடியபடி, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு ஓடும். அந்த இரண்டுக்கும் நடுவில் போவதுதான் இலியம். கையுறை கட்டாயம், கோழிக் குடலில் சல்மொனெல்லா இருக்கலாம். சாப்பாடு வைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்குள் இதைக் கொண்டுபோகவே கூடாது.

ஆய்வுகூடத்தில் துளிசொட்டியால் டைரோட்டை மெதுவாகப் பாய்ச்சி உள்ளே இருப்பதைக் கழுவவேண்டும். விரலால் வழித்துத் தள்ளினால் தசை அடிபடும். சுற்றியுள்ள சவ்வைச் சிறு கத்தரியால் எடுத்துவிட்டு, இரண்டரை சென்ரிமீற்றரளவில் துண்டு. நூலைச் சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் கோர்த்துக் கட்டுகிறோம், மறு முனையில் எதிர்ப்பக்கத்தில். குழாயின் வாய் திறந்தே இருக்கவேண்டும். வாயைச் சேர்த்துக் கட்டிவிட்டால் உள்ளே தண்ணீர் அடைபட்டு, மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. கீழ் முனை எஃகுக் கொக்கியில், மேல் முனை ஸ்ரோவில். மீன்தொட்டிப் பம்பிலிருந்து நீளமான ஊசி வழியாகக் காற்று. குமிழ் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணக்கூடிய வேகத்தில் வந்தால் போதும், கொதிப்பது போல வந்தால் ஸ்ரோ நடுங்கும்.

இந்த நிலையில் 45 நிமிடம் சும்மா விடவேண்டும். இடையில் 15 நிமிடத்துக்கொரு தடவை கழுவலாம். மாணவர்களுக்கு இது பெரிய சோதனை. முதல் ஐந்து நிமிடத்திலேயே "சேர், போடுவமா?" என்று தொடங்கிவிடுவார்கள். அடிக்கோடு இறங்கிக்கொண்டிருக்கும்போது போட்டால், சுருக்கம் எங்கே தொடங்கியது என்றே சொல்ல முடியாது.

முதலில் மருந்தில்லாத டைரோட் 0.4 மில்லிலீற்றர். ஸ்ரோ அசையக்கூடாது. அசைந்தால் சேர்க்கும் கரைசல் குளிராக இருக்கிறது, அல்லது துளி நூலில் விழுகிறது. பிறகு மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராம் அசற்றைல்கோலின். இதை அன்றன்றே ஐதாக்க வேண்டும். மூலக் கரைசலைச் சற்று அமிலமாக, குளிரில் வைத்தால்தான் நிற்கும், காரத்தில் தானாக உடைந்துவிடும். 60 விநாடி விட்டு, கழுவி, ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக அளவை இரட்டித்துக்கொண்டே போனோம். 0.1 மில்லிலீற்றருக்கு 11 மில்லிமீற்றர், 0.2க்கு 24, 0.4க்கு 41, 0.8க்கு 54, 1.6க்கு 56. கடைசி இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குடல் தன்னால் முடிந்த அளவு சுருங்கிவிட்டது. உச்சியில் நின்று ஒப்பிட்டால் எவ்வளவு மருந்து போட்டாலும் ஒரே உயரம்தான் வரும், அடியில் நின்றால் உயரமே தெரியாது. உச்சத்தின் 20 முதல் 80 சதவீதம் வரை உள்ள பகுதியில்தான் உயரம் அளவின் மடக்கையோடு ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறும். எனவே 0.2ஐயும் 0.4ஐயும் எடுத்துக்கொண்டோம்.

செறிவு தெரியாத கரைசலை என் நண்பர் ஒருவர் தயாரித்து, செறிவை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்திருந்தார். அதிலும் 0.2, 0.4. இப்போது நான்கு அளவுகள்: நியமத்தின், அதாவது செறிவு தெரிந்த எங்கள் கரைசலின், S1, S2, தெரியாததன் T1, T2. ஒவ்வொன்றையும் நான்கு தடவை போடவேண்டும். கையேட்டைப் பார்த்துச் செய்பவர்கள் பலர் அவசரத்தில் விடுவது இதன் வரிசையைத்தான். நாங்கள் போட்ட வரிசை இது:

```
S1 S2 T1 T2
S2 T1 T2 S1
T1 T2 S1 S2
T2 S1 S2 T1
```

ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு நிரலிலும் ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. ஏன் இந்த அலைச்சல்? குடல் களைக்கும். S2க்கு வந்த உயரங்கள் 44, 42, 40, 38. அதே மருந்து, அதே அளவு, ஆனால் 80 நிமிடத்துக்குள் 6 மில்லிமீற்றர் இறங்கிவிட்டது. நியமம் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டுத் தெரியாததைப் பிறகு போட்டிருந்தால், களைப்பு முழுவதும் தெரியாததன் தலையில் விழுந்திருக்கும். வரிசையைக் கலைத்துப் போட்டால் களைப்பு நான்குக்கும் ஏறக்குறையச் சமமாகப் பங்காகிறது.

சராசரி உயரங்கள் S1 24, S2 41, T1 19, T2 37. முதலில் பார்க்கவேண்டியது இரண்டு கோடுகளும் சமாந்தரமா என்பதை. நியமம் 17 ஏறியிருக்கிறது, தெரியாதது 18. சமாந்தரம் என்று ஏற்கலாம். ஒன்று 17 ஏறி மற்றது 8 ஏறியிருந்தால், தெரியாத கரைசலில் இருப்பது அதே மருந்து அல்ல, அல்லது கூடவே வேறு ஏதோ கலந்திருக்கிறது. அந்த நிலையில் விடையைக் கணக்கிடவே கூடாது. சூத்திரம் என்னவோ ஒரு எண்ணைத் தந்துவிடும்.

இங்கே கணக்குத் தாளுக்கு ஒரு சௌகரியம். சராசரிகளை அதே பெயருள்ள கட்டங்களில், S நிரலிலும் T நிரலிலும் முதல் இரண்டு வரிகளில், எழுதினால் சூத்திரத்தை அப்படியே தட்டலாம்:

```
=100*10^(((T1+T2)-(S1+S2))/((S2+T2)-(S1+T1))*LOG10(2))
```

100 என்பது நியமத்தின் செறிவு, 2 என்பது பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் உள்ள விகிதம். நியமமும் தெரியாததும் ஒரே கனவளவில் போடப்பட்டதால் வேறு பெருக்கம் தேவையில்லை. கையால் பார்த்தால், மேலே 56இலிருந்து 65 போக −9. கீழே 78இலிருந்து 43 போக 35. −9ஐ 35ஆல் வகுத்து 0.301ஆல் பெருக்கினால் −0.077, அதன் எதிர்மடக்கை 0.837. ஆக மில்லிலீற்றருக்கு 83.7 மைக்ரோகிராம். தாளை விரித்தபோது 80 என்றிருந்தது. ஐந்து சதவீதத்துக்குள் பிழை, ஸ்ரோவுக்கு இது தாராளம்.

அதே எண்களில் நியமத்தின் முதல் இரண்டு வாசிப்புகளையும் தெரியாததன் கடைசி இரண்டு வாசிப்புகளையும் மட்டும் எடுத்து மாணவர்களைக் கணக்குப் போடச் சொன்னேன். விடை 75ஐ ஒட்டி வந்தது. வரிசை எதற்கு என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகுதான் அசற்றைல்கோலினைத் தடுக்கும் அற்றோபின். அதைப் போட்டு ஐந்து நிமிடம் விட்டு S2ஐப் போட்டால் ஸ்ரோ அசையாது, T2க்கும் அசையாது. இரண்டும் தசையில் அசற்றைல்கோலின் போய்ப் பொருந்தும் மஸ்கரினிக் வாங்கிகள் வழியாகவே வேலை செய்தன என்பதற்கு இது ஆதாரம். இதை நடுவில் செய்யக்கூடாது. அற்றோபின் கழுவினால் சுலபத்தில் போகாது, அந்தக் குடல் துண்டு அத்துடன் சரி. முடிந்ததும் குடலை ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். வெளியே எறிந்தால் நாய் தின்னும், மருந்து பட்ட இறைச்சி அது.

கணினி வழி வேறு இருக்கிறதே, இவ்வளவும் எதற்கு என்று கேட்பார்கள். எங்களுக்கு அதுவும் வேண்டும். ஸ்கொட்லாந்தின் ஸ்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் உருவான OBSim, புதுச்சேரி ஜிப்மரில் உருவான ExPharm என்ற இரண்டு மென்பொருள்களையும் பாவித்திருக்கிறோம். OBSimஇல் கினிப்பன்றி இலியத்தையே திரையில் தொங்கவிட்டு, அசற்றைல்கோலினை ஏற்றி, அற்றோபினை வெவ்வேறு அளவில் போட்டு, மருந்தின் அளவுக்கும் சுருக்கத்துக்கும் உள்ள வளைகோடு வலப்பக்கம் நகர்வதை ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம். அதை உண்மையான குடலில் செய்ய ஒரு முழு நாளும் பல துண்டுகளும் வேண்டும். அளவைத் தேர்ந்தெடுப்பது, உச்சத்தை அடையாளம் காண்பது, எதிர்மருந்தின் போக்கு, இவற்றுக்குத் திரை போதும் என்பது மட்டுமல்ல, திரைதான் நல்லது. பிழையான அளவைப் போட்டால் எதுவும் வீணாகாது. ஆனால் திரைக் குடலில் நூல் சுவரில் உரசாது, கரைசல் கலங்காது, ஹீற்றர் நிற்காது. அந்த வரிசை ஏன் தேவை என்பதும் அங்கே உறைக்காது.

இப்போது எங்கள் ஒழுங்கு இப்படி: எல்லோரும் முதலில் கணினியில் முழுப் பாடத்தையும் செய்கிறார்கள். பிறகு ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு குடல் துண்டு, எல்லோரும் சுற்றி நின்று, மாறி மாறி மருந்து போடுகிறார்கள். மச்சம் தொடாத பிள்ளைகள் சிலர் உண்டு. அவர்கள் வீடியோவிலிருந்து உயரம் வாசிப்பதையும் கணக்கையும் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்காகப் புள்ளி குறைப்பதில்லை.

போன பிரிவில் ஒரு தம்பி நெருஞ்சிக் கஷாயம் கொண்டுவந்தான். அம்மம்மா சலக்கடுப்புக்குக் காய்ச்சுவது. இதைப் போட்டால் குடல் சுருங்குமா என்றான். போட்டோம், நன்றாகவே சுருங்கியது. வகுப்பில் ஒரே ஆரவாரம். பிறகு அற்றோபின் போட்டுப் பார்த்தோம், அப்போதும் சுருங்கியது. அப்படியென்றால் மஸ்கரினிக் வாங்கி வழியாக நடந்ததல்ல. செடிகொடிச் சாறுகளில் பொற்றாசியம் நிறைய இருக்கும், பொற்றாசியம் கூடினாலே எந்தக் குடலும் சுருங்கும். கஷாயத்தின் அமிலத்தன்மையும் கணக்கில் வரும். மூலிகைச் சாற்றைக் குடலில் போட்டு "செயற்பாடு உண்டு" என்று எழுதுகிறவர்கள் முதலில் தாண்ட வேண்டிய இடம் இது. அவனுக்கு அடுத்த வேலையாகக் கொடுத்தது, கஷாயத்தின் பொற்றாசியத்தை அளந்து, அதே அளவு பொற்றாசியம் குளோரைட்டை மட்டும் வேறொரு துண்டில் போட்டு உயரத்தை ஒப்பிடுவது. கஷாயத்தைச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலைக் கரைத்து நடுநிலையாக்கிப் போடுவதும் ஒரு வழி. சேதனப் பொருளெல்லாம் எரிந்து உப்புகள் மட்டும் மிஞ்சும். சாம்பலும் அதே உயரத்துக்குச் சுருக்கினால் நெருஞ்சிக்கென்று தனியாக எதுவும் சொல்ல இல்லை. குடல் துண்டுக்காக அவன் ஞாயிறு காலை கடைக்குப் போகவேண்டும்.